திருக்குறள் அலகிடுதல், அணி – பயிற்சித்தாள் திருத்தம்

மாணவி: ச. கயல்விழி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு
அலகிடுதல்: 17½ / 21
அணி, தொடை, அளபெடை: 10½ / 14
மொத்தம்: 28 / 35

கயல்,

தாளின் ஓரத்தில் எழுத இடம் போதவில்லை. அதனால் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். உன் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. பென்சிலில் நீ போட்ட கோடுகளை நான் அழிக்கவில்லை. தவறான கோட்டின் மேல் சின்ன வட்டம் போட்டு, சரியான இடத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'கற்க கசடற' குறளில் ஒரு குறையும் இல்லை, ஐந்துக்கு ஐந்து. அதில் 'கசடறக்' என்ற சீரைக் கச/டறக் என்று பிரித்தாய் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. 'டறக்' என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது. ஆனாலும் கை தயங்காமல் அங்கே கோடு போட்டிருக்கிறாய். வகுப்பில் பாதிப் பேர் கசடு/அற என்று பொருள் பார்த்து வெட்டி, பிறகு எந்த வாய்பாட்டிலும் அடங்காமல் விழித்தார்கள். மோனையையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறாய். முதல் அடியில் நான்கு சீரும் 'க' என்றே தொடங்குவதால் அதை 'முற்றுமோனை' என்று முழுப்பெயரில் எழுது. இந்த முறை அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை.

'கசடறக்' சீரில் செய்ததையே எல்லாச் சீரிலும் செய்திருந்தால் இந்தத் தாளில் எனக்கு வேலையே இருந்திருக்காது. நீ தவறிய இடங்களில் பாதி, சொல் முடிகிற இடத்தில் கோடு போட்டதால் வந்தவை.

ஏழாம் கேள்வி, 'பீலிபெய் சாகாடும்'. பீ/லி/பெய் என்று மூன்றாக வெட்டி, தேமாங்காய் என்று எழுதியிருக்கிறாய். பீலி ஒரு சொல், பெய் ஒரு சொல் என்று நினைத்திருப்பாய். எழுத்தை மட்டும் பார். 'பீ' நெடில், தனியாக நேர். அடுத்து 'லி' குறில், 'பெ' குறில், 'ய்' ஒற்று. குறிலிணை ஒற்று என்றால் நிரை. ஆக, பீ/லிபெய், நேர் நிரை, கூவிளம். தாளின் தலைப்பில் நீயே கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கும் பட்டியலில் நிரைக்கு நேரே இது இருக்கிறது.

நான்காம் கேள்வி, 'நிலம்போலத்'. நிலம்/போலத் என்று இரண்டாக நிறுத்திப் புளிமா என்று எழுதினாய். 'போலத்' ஓரசை ஆகாது. 'போ' நெடில் என்பதால் அங்கேயே அசை முடிந்துவிடும். நிலம்/போ/லத், நிரை நேர் நேர், புளிமாங்காய். இதில் நான் கவனித்த ஒன்று: இந்தச் சீருக்கு நேராகத் தளைக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாய். எழுதி அழித்த தடமும் தெரிகிறது. மாவுக்குப் பின்னால் 'தம்மை'யின் 'தம்' நேரசையாக வருகிறதே, வெண்டளை வரவில்லையே என்று உனக்கு உறுத்தியிருக்கிறது. அந்த உறுத்தல் சரிதான். குறள் வெண்பாவில் வேறு தளை வராது, அப்படியென்றால் நம் பிரிப்பில்தான் கோளாறு என்று அடுத்த அடியை எடுத்து வைத்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். காயாக்கிப் பார், காய்முன் நேர், வெண்சீர் வெண்டளை, சரியாகப் பொருந்தும்.

முதல் கேள்வியில் இதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறாய். 'எழுத்தெல்லாம்' சீரை எ/ழுத்/தெல்/லாம் என்று நான்காக்கி, தேமாந்தண்பூ என்று வாய்பாடும் கொடுத்துவிட்டாய். நான்கு நேருக்கு வாய்பாடு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வெண்பாவில் இயற்சீரும் வெண்சீரும்தான் வரும். பூவில் முடிகிற நாலசைச்சீருக்கு அங்கே இடமில்லை. அதோடு 'முதல' புளிமா, அடுத்து நீ காட்டும் 'எ' நேர், மாமுன் நேர் வந்தால் ஆசிரியத்தளை. நீயோ அதே கட்டத்தில் 'இயற்சீர் வெண்டளை' என்று எழுதியிருக்கிறாய். அசையைப் பார்த்து எழுதவில்லை, குறள் என்றால் வெண்டளைதானே என்று எழுதிவிட்டாய், சரியா? சீரின் தொடக்கத்தில் குறில் வந்து, அடுத்து ஒற்று இல்லாவிட்டால் அது தனியே நிற்காது, அடுத்த எழுத்தையும் சேர்த்துக்கொண்டு நிரையாகும். எழுத்/தெல்/லாம், நிரை நேர் நேர், புளிமாங்காய். இப்போது மாமுன் நிரை, இயற்சீர் வெண்டளை. கட்டத்தில் நீ எழுதியது இப்போதுதான் உண்மையாகிறது.

ஆகவே தளைக் கட்டத்தைக் கடைசியில் ஒப்புக்கு நிரப்பாதே. ஒவ்வொரு சீர் முடிந்ததும் அடுத்த சீரின் முதல் அசையைப் பார்த்துவிட்டு நிரப்பு. ஆனால் தளை எல்லாத் தவறையும் காட்டிக் கொடுக்கும் என்றும் நம்பிவிடாதே. மேலே சொன்ன 'பீலிபெய்' சீரைத் தேமாங்காய் என்று வைத்தாலும் 'சாகாடும்' நேரில் தொடங்குவதால் வெண்சீர் வெண்டளை வந்துவிடும். கூவிளம் என்று வைத்தால் இயற்சீர் வெண்டளை. இரண்டுமே வெண்டளைதான். அங்கே எழுத்துக் கணக்கு ஒன்றுதான் துணை.

மூன்றாம் கேள்வியில் சிரித்துவிட்டேன். 'கெடுப்பதூஉம்' என்பதைக் கெடுப்/பதூஉம் என்று வெட்டிக் கருவிளம் ஆக்கினாய். அதே குறளின் இரண்டாம் அடியில் 'எடுப்பதூஉம்' வந்ததும் எடுப்/பதூ/உம், கருவிளங்காய் என்று அழகாக எழுதியிருக்கிறாய். இரண்டாவதுதான் சரி. அளபெடை எழுத்து அடையாளத்துக்காக நிற்பதன்று, அசைக்கணக்கில் அதற்கும் இடம் உண்டு. 'பதூ' குறில்நெடில், நிரை. 'உம்' குறில் ஒற்று, நேர். அரை மதிப்பெண் மட்டும் குறைத்தேன்.

அதே குறளில் அளபெடை எது என்ற கேள்விக்கு இரண்டையும் அடிக்கோடிட்டுக் காட்டியது சரி. வகையைச் 'செய்யுளிசை' என்று எழுதியது தவறு. இது இன்னிசை அளபெடை. ஏன் என்று நீயே சோதித்துப் பார்க்கலாம். அளபெடையை எடுத்துவிட்டுக் 'கெடுப்பதும் கெட்டார்க்குச்' என்று படி. கெடுப்/பதும், கருவிளம். அடுத்து 'கெட்' நேர். விளமுன் நேர், வெண்டளை அப்படியே இருக்கிறது. ஓசை குறையவே இல்லை, இனிமைக்காக மட்டும் நீட்டியிருக்கிறார். 'உறாஅர்க் குறுநோய்' என்பதில் அப்படி எடுத்துப் பார். 'உறார்க்' என்று ஒரே நிரையசைதான் மிஞ்சும். ஈற்றுச்சீர் அல்லாத இடத்தில் ஓரசையை வைத்துக்கொண்டு வெண்பா நடக்காது. அங்கே ஓசையை நிறைக்க அளபெடுத்தது, அதனால் செய்யுளிசை.

ஐந்தாம் கேள்வி, 'அன்பும் அறனும்' குறளில் 'அது' என்ற ஈற்றுச்சீருக்குப் பிறப்பு என்று எழுதியிருக்கிறாய். முதல் குறளில் 'உலகு' என்பதற்கு மலர் என்று எழுதி, அழித்து, பிறப்பு என்று சரியாகத் திருத்தினாய். அந்தச் சூட்டில் 'அது' சீரின் உகரத்தையும் பார்த்து அதையே போட்டுவிட்டாய் போலிருக்கிறது. 'உலகு' சீரில் 'உல' நிரையான பிறகு 'கு' என்ற குற்றியலுகரம் மிச்சம் இருக்கிறது, அதனால் நிரைபு. 'அது' என்பதில் இருப்பதே இரண்டு குறில்கள். இரண்டும் சேர்ந்து நிரையாகிவிட்டன, மிச்சம் எதுவும் இல்லை. மலர். தனிக்குறிலுக்குப் பின் வந்த உகரம் குற்றியலுகரமும் ஆகாது.

அதே கேள்வியில் நிரல்நிறை அணிக்கு நீ போட்ட இரண்டு அம்புக்குறிகளுக்காகவே முழு மதிப்பெண். அன்பிலிருந்து பண்புக்கு ஒன்று, அறனிலிருந்து பயனுக்கு ஒன்று. நாலு வரி விளக்கம் எழுதியவர்களைவிட அது தெளிவு. தேர்வில் அம்புக்குறியோடு ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொள்.

ஆறாம் கேள்வி, 'பிறவிப் பெருங்கடல்' குறளில் 'தார்' பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாய். 'சேராதார்' என்ற ஒரே சொல்லை ஏன் உடைத்தார்கள் என்பதுதானே? இப்படிச் சொல்லைச் சீருக்காகப் பிரிப்பதற்கு வகையுளி என்று பெயர். அடி/சே/ரா, புளிமாங்காய். தார், நாள். காய்முன் நேர். நீ எழுதியிருப்பது சரிதான், கேள்விக்குறியை அழித்துவிடலாம்.

அந்தக் குறளுக்கு 'உருவக அணி' என்று மட்டும் எழுதியதால் ஒன்று குறைந்தது. பிறவியைக் கடலாக உருவகப்படுத்தியவர், அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பமாக உருவகப்படுத்தவில்லை. ஒரு பகுதியை உருவகித்து மற்றதை நம்மிடம் விட்டுவிட்டதால் ஏகதேச உருவக அணி.

உவமையில்தான் நீ கொஞ்சம் அவசரப்படுகிறாய். மூன்று குறள்களையும் வரிசையாக வைத்துப் பார்.

அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல: உவமையும் இருக்கிறது, உவமேயமும் இருக்கிறது, 'போல' என்ற உருபும் வெளிப்படையாக இருக்கிறது. உவமை அணி.

அகர முதல: எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். இரண்டும் தனித்தனியே நிற்கின்றன, உருபு இல்லை. எடுத்துக்காட்டு உவமை அணி. இதைச் சரியாக எழுதிவிட்டாய்.

பீலிபெய் சாகாடும்: மயிலிறகானாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். எதற்காகச் சொல்கிறார் என்று குறளுக்குள் எங்கேயும் இல்லை. வலியறிதல் அதிகாரத்தில் இருப்பதால், எளியவர்கள் ஆனாலும் பலர் சேர்ந்து எதிர்த்தால் வலியவனும் வீழ்வான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உவமானத்தை மட்டும் சொல்லி உவமேயத்தைப் பெறவைப்பது பிறிதுமொழிதல் அணி. நீ 'உவமை அணி' என்று எழுதினாய். ஆனால் பொருளை ஒழுங்காக விளக்கியிருந்ததால் ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

'அகழ்வாரை' குறளில் அரை குறைந்ததற்குக் காரணம்: உவமை நிலம், உவமேயம் தம்மை என்று ஒற்றைச் சொல்லாக எழுதியிருக்கிறாய். நிலமும் ஆளும் ஒப்பிடப்படவில்லை. தன்னைத் தோண்டுபவரை நிலம் தாங்குவதும், தன்னை இகழ்பவரை ஒருவர் பொறுப்பதும்தான் ஒப்பு. செயலோடு சேர்த்து எழுது.

இன்னொன்று, சின்ன விஷயம். அசைக்கோட்டை எப்போதும் ஒற்றுக்குப் பின்னால் போடு. 'கெட்டார்க்குச்' சீரில் உன் கோடு 'ர்' எழுத்துக்கும் 'க்' எழுத்துக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. வாய்பாடு மாறாததால் விட்டுவிட்டேன். கெட்/டார்க்/குச் என்றுதான் இருக்க வேண்டும், ஒற்று முந்தைய அசையோடு போகும்.

வரும் செவ்வாய்க்கிழமைக்குள் வட்டம் போட்ட சீர்களை மட்டும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் திருத்தி எழுது. முழுத்தாளையும் மறுபடி எழுத வேண்டாம். அதன் கீழே இந்தக் குறளை அலகிட்டு, ஒவ்வொரு சீருக்கும் தளையையும் அங்கங்கே எழுதி வா:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

'தூஉம்' இங்கே தனிச்சீர். அளபெடையை எடுத்துவிட்டால் அந்தச் சீர் என்ன ஆகிறது என்று ஒரு வரி எழுது. அப்பா அல்லது அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டு வா.

– தமிழாசிரியை