குசினி மட்டும் நகராது

டச்சுக்குடாவுக்குக் கிட்ட எங்கட வீடு. நடுவில குசினி, அடுப்பு இருக்கிறதால அது அசையாது. சுற்றி நாலு அறை. இரவு எல்லாரும் நித்திரையானதும் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தள்ளிப்போகும்: தெரு, வேம்பு, கடல், கிணறு, திரும்பத் தெரு. சந்தேகமென்றால் அம்மம்மா வெளிச்சுவரை நக்கிப் பார்ப்பா. உப்புக் கரித்தால் நேற்றுக் கடல்பக்கம் நின்ற அறை.

ஒரு அறைக்குள்ள உயிரொன்று முழித்திருந்தால் அது நகராது. மற்றவை அதைத் தாண்டிப் போகும்.

போன கிழமை கோட்டைப் பக்கத்து மானொன்று, வேம்புப்பக்கம் நின்ற சாமியறைக்குள்ள புகுந்து, படையல் வாழைப்பழத்தை விடிய விடிய அசைபோட்டிருக்கு. தெருப்பக்கம் படுத்த தம்பி, காலைமை வேப்பங்குச்சி ஒடிக்க யன்னலால கையை நீட்டினான். அலை நனைச்சுது.

"அம்மம்மா, என்ர அறை கடலுக்கு வந்திட்டுது!"

"சாமியறைக்குள்ள ஆரோ முழிப்படா, போய்ப் பார்."

மானைக் கலைத்தாயிற்று. ஆனால் வரிசை மாறினது மாறினதுதான். அம்மம்மா கரித்துண்டெடுத்து, குசினிச் சுவரில புது ஒழுங்கை எழுதினா. இரவில கேற் பூட்டுவது இப்ப தம்பியின்ர வேலை.