மிஞ்சிய ஒற்று

ரேவதியின் கட்டுரையில் நான்காம் பக்கத்தின் நடுவே 'தொழிலாளரைத் சேர்க்கும்' என்றிருந்த இடத்தில் டாக்டர் மங்கையர்க்கரசியின் பேனா நின்றது. 'சேர்க்கும்' என்பதற்கு முன்னால் வரவேண்டியது 'ச்', நின்றதோ 'த்'. ஒற்றுப் போடத் தெரியாதவர்கள் பொதுவாக ஒற்றைப் போடுவதே இல்லை. ரேவதியும் முதல் மூன்று பக்கங்களில் 'தோட்ட தொழிலாளர்' என்றும் 'வேலைக்கு போனார்' என்றுமே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இந்த 'த்' வேறொரு சொல்லுக்காகப் போடப்பட்டு, அந்தச் சொல் நீக்கப்பட்ட பிறகும் தன் இடத்தில் தங்கிவிட்டது. அங்கே முதலில் 'திரட்டும்' என்று இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

அந்த இடத்திலிருந்து முன்னும் பின்னும் படித்துப் பார்த்தபோது, இரண்டு பத்திகளின் நடை மற்றவற்றோடு ஒட்டாமல் நின்றது தெரிந்தது. சிறு சிறு வாக்கியங்களாகப் போய்க்கொண்டிருந்த கட்டுரை, திடீரென்று 'எனலாம்', 'ஒருங்கே' என்றெல்லாம் பேசத் தொடங்கி, இரண்டு பத்திகள் கழித்து மறுபடியும் பழைய நடைக்கே திரும்பியிருந்தது. அந்தப் பத்திகளில் மட்டும் ஒற்றுகள் யாவும் ஒழுங்காக இருந்தன, அந்த ஒன்றைத் தவிர.

ஒப்புமை காட்டும் மென்பொருள் ஒன்பது விழுக்காடு என்று பச்சை நிறத்தில் காட்டியிருந்தது. அதிலும் பெரும்பகுதி நூற்பட்டியலும் ஊர்ப்பெயர்களுமே. 1970களில் அச்சேறிய தமிழ் நூல் இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தால்தானே அந்த மென்பொருளுக்குத் தெரியும்? அந்த நூலை வாசிப்புப் பட்டியலில் சேர்த்தவர் மங்கையர்க்கரசியே என்பதால், கல்லூரி நூலகத்துக்குப் போய் எடுத்துவரக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. எண்பத்து நான்காம் பக்கத்தில் இரண்டு பத்திகளும் இருந்தன. 'திரட்டும்' என்பது 'சேர்க்கும்' ஆகியிருந்தது, 'இன்னல்' 'துன்பம்' ஆகியிருந்தது, ஒரு வாக்கியத்தின் இரு பாதிகள் இடம் மாறியிருந்தன. மற்றபடி எல்லாம் அப்படியே இருந்தன: மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்ததும், கங்காணி முறை அதன் இடத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டதும், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடுத்ததும்.

அதைவிட அவரை உறுத்தியது அடிக்குறிப்பு. நூலாசிரியர் தொழிலாளர் துறையின் பழைய ஆண்டறிக்கை ஒன்றைச் சுட்டியிருந்தார். ரேவதியும் அதே அறிக்கையை, அதே பக்க எண்ணோடு, தானே புரட்டிப் பார்த்ததைப் போலச் சுட்டியிருந்தாள். அதைப் பார்க்க வேண்டுமானால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஏழிலிருந்து காலை ஏழு வரை வேலை பார்த்துவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் இறங்கி நேரே ஒன்பது மணி வகுப்புக்கு வருகிற பெண் கோலாலம்பூருக்கு எப்போது போனாள்?

கட்டுரை மொத்தமும் இப்படி இருந்திருந்தால் முடிவெடுப்பது எளிது. ஆனால் ஆறாம் பக்கத்திலிருந்து ரேவதி தன் பாட்டியிடம் கேட்டு எழுதியிருந்த பகுதி, இந்தப் பாடத்துக்கு மங்கையர்க்கரசி இதுவரை படித்த மாணவர் கட்டுரைகளிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. விடியுமுன் நடக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது, பிள்ளை பெற்று மூன்று வாரமான பெண் பின்வரிசையில் நின்று எப்படிக் குரல் கொடுப்பாள் என்பதும், மழை பிடித்துக்கொண்டால் மங்கில் சேர்ந்த ரப்பர் பாலோடு அன்றைய கூலியும் எப்படிக் கரைந்தது என்பதும் எந்த நூலிலிருந்தும் எடுத்தவை அல்ல. கொள்ளுத் தாத்தா கப்பலிலிருந்து இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் தொற்றுக்காப்புக்காக வைக்கப்பட்டிருந்ததைச் சொல்லிவிட்டு, 'நான் வேலைக்கு போகும் பேருந்தில் இருந்து அந்த தீவு தெரியும்' என்று ஒரு வரி எழுதி, அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தாள். எங்கே நிறுத்த வேண்டும் என்பது பலருக்கு முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் கைவருவதில்லை.

கல்லூரியின் விதிப்படி இரண்டு வழிகள் இருந்தன. மேற்கோள் குறைபாடு என்றால் விரிவுரையாளரே மதிப்பெண்ணைக் குறைத்து, படிவம் நிரப்பி, துறைத் தலைவருக்கு அனுப்பிவிடலாம். கருத்துத் திருட்டு என்றால் நேர்மைக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே உறுதியானால் பாடத்தில் தோல்வி, ஒரு பருவம் வீண், கல்விக் கடனுக்கும் சிக்கல். இரண்டுக்கும் நடுவே விதி நூல் வைத்திருந்தது 'வேண்டுமென்றே' என்ற ஒற்றைச் சொல்லைத்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ரேவதி கொடுத்திருந்த வரைவை அவர் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதில் இதே இரண்டு பத்திகளும் மேற்கோள் குறிகளுக்குள், ஆசிரியர் பெயரோடும் பக்க எண்ணோடும் ஒழுங்காக இருந்தன. ஓரத்தில் அவருடைய கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'மேற்கோள் மிக நீளம். சொந்த நடையில் எழுதுக.' அந்தக் குறிப்பில் பிழை ஏதும் இல்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் அதையே எழுதியிருந்தார். அதே குறிப்பைப் பெற்ற வேறொரு மாணவன் மிகவும் சிரமப்பட்டு, கரடுமுரடாக, ஆனால் முழுக்கத் தன் சொற்களிலேயே மாற்றி எழுதி, நடைக்காக மதிப்பெண் இழந்திருந்தான். ரேவதிக்கு இரக்கம் காட்டும்போது அவனையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பதினோரு மணிக்கு ரேவதி வந்தாள். தொழிற்சாலையில் தலைமுடியை மூட அணியும் தொப்பியின் இழுவைப்பட்டை அவள் நெற்றியில் பதித்த சிவந்த கோடு இன்னும் மறையவில்லை. மங்கையர்க்கரசி கட்டுரையைப் பற்றி உடனே பேசாமல், ஒப்பந்தக் கூலிக்கும் கங்காணி முறைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்.

"ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டவரு இத்தனை வருசம்னு கட்டுப்பட்டவரு, டாக்டர். நடுவுல ஓடிட்டா ஜெயில். கங்காணி கூட்டிட்டு வந்தவரு சட்டப்படி ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டுப் போகலாம். ஆனா கங்காணி அவரோட ஊர்க்காரரு, சில பேருக்குச் சொந்தக்காரருகூட. கடனும் அவருகிட்டத்தான். ஆளுக்கு இவ்வளவுன்னு தலைக்காசு வேற வாங்குறாரு, அப்புறம் எப்படிப் போக விடுவாரு? எங்க தாத்தாவோட அப்பா போகலையே."

நூலின் இரண்டு பத்திகளில் இருந்ததைவிட இது தெளிவாக இருந்தது. மங்கையர்க்கரசி நூலையும் கட்டுரையையும் அருகருகே வைத்து, 'சேர்க்கும்' என்ற சொல்லின் கீழ் விரலை வைத்தார். ரேவதி பார்த்தாள். முகம் மாறியது, ஆனால் மறுக்கவில்லை.

"இந்த ஆண்டறிக்கையைப் பார்த்தாயாம்மா?"

"இல்ல டாக்டர். புத்தகத்துல கீழே அதைத்தான் போட்டிருந்தாங்க. அவங்க எங்கிருந்து எடுத்தாங்களோ அதைத்தானே நாமளும் போடணும்?"

அந்தக் கேள்வியில் பாசாங்கு இல்லை. முதலாண்டில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய பாடம் அது. யார் கற்றுக்கொடுக்காமல் விட்டார்கள் என்று இப்போது தேடிப் பயனில்லை.

"சரி. சொற்களை ஏன் மாற்றினாய்?"

"மேற்கோள் வேணாம், சொந்த நடையில எழுதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க."

"நாலு சொல்லை மாற்றினால் அது சொந்த நடை ஆகிவிடும் என்று நினைத்தாயா, இல்லை, மாற்றிவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா?"

ரேவதி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பதிலைச் சொல்லியிருந்தால் அதோடு விவகாரம் முடிந்திருக்கும். அது அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம், டாக்டர். முதல்ல நானே எழுதத்தான் உட்கார்ந்தேன். ரெண்டு வரிக்கு மேல வரல. காலையில ஒன்பது மணிக்கு அனுப்பணும். அப்பதான் மாத்தினேன்."

இரவு வேலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மங்கையர்க்கரசிக்கு எளிதாக இருந்திருக்கும். சோர்வை ஒரு காரணமாக முன்வைத்தால் அதை ஏற்கலாம், தள்ளலாம். சொல்லாத காரணத்தை என்ன செய்வது?

அவள் போன பிறகு படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் நெடுநேரம் யோசித்தார். இந்தப் பதிலை அப்படியே குழுவுக்கு அனுப்பினால், அதிலுள்ள பாதி ஒப்புதலே அவளைத் தோற்கடிக்கப் போதும். 'எனக்குத் தெரியாது' என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போன எத்தனையோ மாணவர்கள் அதே குழுவிலிருந்து தப்பி வந்திருக்கிறார்கள். ஆனால் உண்மை சொன்னாள் என்பதற்காகச் செய்ததைச் செய்யவில்லை என்று எழுதவும் அவருக்குக் கை வரவில்லை. சோர்வு மேற்கோள் குறிகள் போன கதையை விளக்கியது. 'இன்னல்' 'துன்பம்' ஆனதை விளக்கவில்லை. அது விழித்திருந்து செய்த வேலை. அடிக்குறிப்பை அறியாமையில் சேர்த்துவிடலாம். நூலின் பெயர் கட்டுரையின் நூற்பட்டியலில் இருந்ததையும், வரைவில் குறிகள் இருந்ததையும் எப்படிப் பார்த்தாலும் மறைக்கும் எண்ணத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. திருட நினைத்தவர் திருடிய வீட்டின் முகவரியை விட்டுச் செல்வதில்லை.

முடிவில் அவர் 'மேற்கோள் குறைபாடு' என்ற கட்டத்தில் குறியிட்டார். விளக்கம் எழுதும் இடத்தில், சொற்களை மாற்றியதில் ஓரளவு நோக்கம் இருந்ததை மாணவியே ஒப்புக்கொண்டதாகவும், அதையும் கருத்தில் கொண்டே இம்முடிவுக்கு வந்ததாகவும் மறைக்காமல் எழுதி, வரைவின் நகலை இணைத்தார். இரண்டு பத்திகளுக்கும், அவை தாங்கி நின்ற பின்னணிப் பகுதி முழுமைக்கும் மதிப்பெண் இல்லை. பாட்டியின் பகுதிக்கு உரியது முழுதாகக் கிடைத்தது. பி பிளஸ் வந்திருக்க வேண்டிய கட்டுரைக்கு சி வந்தது. பின்னணிப் பகுதியைத் திருத்தி எழுதிக் காட்ட வேண்டும், அதற்கு மதிப்பெண் கிடையாது என்றும் சேர்த்தார். துறைத் தலைவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். அனுப்பினால் அப்போது பேசிக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டார்.

மாலையில் தொலைபேசியில் சொன்னபோது ரேவதி நன்றி சொல்லவில்லை. சி வந்தால் கடனுக்கு ஏதும் ஆகுமா என்று முதலில் கேட்டாள். தேர்ச்சிதான், ஆகாது என்றார். கோப்பில் இது இருக்குமா என்று கேட்டாள். பட்டம் வாங்கும் வரை இருக்கும் என்றார். மறுமுனையில் தொழிற்சாலைப் பேருந்தின் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"திருத்தி எழுதினதை எப்பக் கொண்டுவரணும் டாக்டர்?"

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாம்மா."

"செவ்வாய் பகல் ஷிப்ட். புதன் எனக்கு லீவு, மூணு மணிக்கு வரட்டுமா?"

"வா. அந்தப் புத்தகத்தையும் கையோடு எடுத்து வா, பக்கம் பக்கமாகப் பார்த்துவிடலாம்."

"லைப்ரரியில அது ஒண்ணுதான் இருக்கு டாக்டர்," என்றாள் ரேவதி. "இப்ப உங்ககிட்ட இருக்கு."