தண்ணீர்க் கூட்டம்: போர்டில் ஒட்டிய சீட்டுகளும் ஓட்டுக் கணக்கும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் போர்டில் ஒட்டியதை ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து எழுதி, ஒத்துப்போகிறதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சீட்டின் நிறம் எந்த பிளாக் என்பதை மட்டும்தான் சொல்கிறது, அதனால் நிறத்தைப் பார்க்காமல் விஷயத்தைப் பார்த்தே பிரித்தேன். மொத்தம் 19 சீட்டுகள். 14 பேருக்குத் தலா 3 ஓட்டு என்றால் 42 புள்ளி இருக்க வேண்டும், படத்தில் தெரிவது 41. ஒரே சீட்டுக்கு மூன்றையும் போடலாம் என்று சொல்லியிருந்ததால், 6 ஓட்டு என்றால் 6 பேர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழைநீர் – 15 ஓட்டு (6 சீட்டு)
"மொட்டை மாடிக் குழாய் எல்லாத்தையும் கிணத்துக்குத் திருப்பணும்" – 6. தனிச்சீட்டுகளில் இதற்குத்தான் அதிக ஓட்டு. "மணல் ஃபில்டரை செப்டம்பருக்குள்ள சுத்தம் பண்ணணும்" – 4. உறிஞ்சுகுழியைத் தூர் வாருவது பற்றி ஏ பிளாக், சி பிளாக் இரண்டிலிருந்தும் சீட்டு வந்திருந்தது, 2ம் 1மாகச் சேர்த்து 3. பார்க்கிங்கில் ஓடி ரோட்டுக்குப் போகும் தண்ணீரைப் பிடிப்பது – 2. மாடி வடிகால் வாயை அடைக்கும் செடித்தொட்டிகளை நகர்த்துவது – ஓட்டு இல்லை, ஆனால் காசு செலவில்லாத வேலை, நாளைக்கே செய்யலாம்.

கூட்டத்தில் "இதுல எவ்வளவு தண்ணி வந்துடப்போகுது" என்று ஒருவர் கேட்டார். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். நம் மாடி 6,000 சதுர அடி, அதாவது சுமார் 557 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. கொட்டினால் 27,000 லிட்டருக்கு மேல், வழியில் வீணாவதைக் கழித்தாலும் 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு அப்படிப்பட்ட நாட்கள் புதிதில்லை.

வீட்டுக்கு வீடு மீட்டர் – 11 ஓட்டு (4 சீட்டு)
"மீட்டர் வைக்கணும்" – 5, "பயன்படுத்தினதுக்குத்தான் காசு" – 4, "தண்ணி பில்லை மெயின்டனன்ஸ்ல இருந்து தனியாப் பிரிக்கணும்" – 2. நான்காவது சீட்டு ஒரு கேள்வி, அதனால்தானோ என்னவோ யாரும் ஓட்டுப் போடவில்லை: "ஒவ்வொரு வீட்டுக்கும் மூணு லைன் இறங்குது, எதுல மீட்டர் வைப்பீங்க?" சமையலறை, இரண்டு பாத்ரூம் என்று தனித்தனியாகக் குழாய் இறங்கும் பழைய கட்டடம் நம்முடையது, வீட்டுக்கு மூன்று மீட்டர் என்றால் செலவும் மூன்று மடங்கு. பிளம்பர் பார்த்துச் சொல்லும்வரை அந்த 11ஐ முடிவாக வைத்துக்கொள்ள முடியாது.

வீணாவதைத் தடுப்பது – 8 ஓட்டு (4 சீட்டு)
மேல் தொட்டி வழியாமல் ஆட்டோமேட்டிக் சுவிட்ச் – 4, ஃப்ளஷ் டேங்க் கசிவு பார்ப்பது – 3, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடிப்பது – 1, ஹோஸ் வைத்து கார் கழுவக் கூடாது – 0.

லாரி – 4 ஓட்டு (3 சீட்டு)
லாரி வந்த நேரமும் லிட்டரும் எழுத செக்யூரிட்டியிடம் ஒரு நோட்டு – 3, ஒரே ஆளிடம் வருஷ ஒப்பந்தம் – 1, சம்ப்பைப் பெரிதாக்குவது – 0. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நேரத்தில் ஒப்பந்தம் கையில் இருந்தாலும் லாரி கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிலும் சேராதவை – 2 ஓட்டு (2 சீட்டு)
கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் போடுவது – 2. இன்னொரு சீட்டு படத்தின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, "போர்" என்ற எழுத்து மட்டும் தெரிகிறது. விட்டுப்போன 42ஆவது ஓட்டு அதில் இருக்கலாம், அல்லது யாராவது ஒன்றைப் போடாமலே விட்டிருக்கலாம்.

கூட்டினால் 40. மீதி ஒரு புள்ளி "மீட்டர் வைக்கணும்" சீட்டுக்கும் லாரி நோட்டுச் சீட்டுக்கும் நடுவில் சரிபாதியாக விழுந்திருக்கிறது, அதை எதிலும் சேர்க்கவில்லை.

கமிட்டி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீட்டர், லாரி நோட்டு, நீர்மட்டம் மூன்றையும் 'அளந்து பார்ப்பது' என்று ஒரே குழுவாக்கினால் 11 + 3 + 2 = 16, நடுவில் விழுந்த புள்ளியும் சேர்ந்தால் 17. அப்போது மழைநீர் இரண்டாம் இடத்துக்குப் போய்விடும். நான் பிரித்தே வைத்தேன், ஏனென்றால் மீட்டர் என்பது பல லட்சம் செலவு, நோட்டு என்பது ஐம்பது ரூபாய். நோட்டுக்கு விழுந்த ஓட்டை மீட்டருக்கான சம்மதமாக எண்ணுவது சரியில்லை. வேறு மாதிரி பிரிக்க வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், சீட்டுவாரியான எண்ணிக்கை மேலேயே இருக்கிறது.

அந்த நடுப் புள்ளியை வைத்தவரும், "போர்" சீட்டை எழுதியவரும் புதன்கிழமைக்குள் எனக்குச் சொன்னால் போதும், திருத்திய கணக்கை வியாழக்கிழமை செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.