திங்கட்கிழமை வெளியீடு தள்ளிப்போகிறது: காரணமும் என் திட்டமும்

எல்லாருக்கும் வணக்கம். நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வெளியீட்டை நம்மால் செய்ய முடியாது. காரணம் பழைய தரவைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றும் என் ஸ்கிரிப்ட். வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கலாம் என்று கேட்கிறேன். விவரம் கீழே இருக்கிறது. இன்று மாலை 5 மணிக்குள் மேனேஜரிடமிருந்து ஒரு முடிவு தேவை.

முதலில், வாடிக்கையாளர் தரவு எதுவும் தொலைந்துபோகவில்லை. ஸ்கிரிப்ட் பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டுமே செய்கிறது. பழுதானது ஸ்டேஜிங்கில் இருக்கும் பிரதி மட்டும்தான்.

நடந்தது இது. பழைய செயலியிலிருந்து வந்த கருத்துகளில் எங்கெல்லாம் எமோஜி இருக்கிறதோ, அந்த இடத்தோடு வாசகம் அறுந்துவிட்டது. "நன்றி 🙏 ஆனால் பணம் இன்னும் திரும்பி வரவில்லை" என்று எழுதியிருந்தால், புது டேபிளில் "நன்றி" மட்டும் இருக்கிறது. புகாராக வந்தது பாராட்டாக மாறிவிட்டது. சப்போர்ட் டீம் இதை நம்பி வேலை செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

காரணம் இரண்டு, இரண்டும் நான் செய்தவை. புது டேபிளை உருவாக்கும்போது `CHARACTER SET utf8` என்று எழுதினேன். MySQL-இல் அது `utf8mb3`, அதாவது ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் 3 பைட். பெரும்பாலான எமோஜிகளுக்கு 4 பைட் வேண்டும். நாம் பயன்படுத்தும் 8.0-இல் இயல்பாகவே `utf8mb4` வரும். பழைய புராஜெக்டிலிருந்து எடுத்த வரியை அப்படியே ஒட்டாமல் விட்டிருந்தாலே சரியாக இருந்திருக்கும்.

இதுகூட எரர் கொடுத்து நின்றிருக்க வேண்டும். ஆனால் பழைய தரவில் `0000-00-00` என்ற தேதிகள் ஸ்கிரிப்டை நிறுத்திக்கொண்டே இருந்ததால், அந்த செஷனில் `STRICT_TRANS_TABLES`-ஐ எடுத்துவிட்டேன். தேதிகளைச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் போடுவதாக இருந்தேன், போடவில்லை. ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாவிட்டால் MySQL வாசகத்தை வெட்டிவிடக்கூடும், வார்னிங் மட்டும்தான் கொடுக்கும். அந்த வார்னிங்குகளை நான் பார்க்கவில்லை. வரிசைகளின் எண்ணிக்கை இரு பக்கமும் சமமாக இருந்ததால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். டெஸ்ட் தரவிலும் இது சிக்கவில்லை, ஏனென்றால் அதில் இருந்தது தமிழும் ஆங்கிலமும்தான். தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட்டுக்குள் அடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, தெரிந்த உடனே உங்களிடம் சொல்லாதது. புதன்கிழமையே சில கருத்துகள் குறைவாக வந்திருப்பதைக் கண்டேன். வியாழன் ஸ்டாண்டப்பில் "கிட்டத்தட்ட முடிந்தது" என்று சொன்னேன். அதற்குள் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சொன்னது, ஆனால் உண்மை நிலவரம் அது இல்லை. அந்தச் சொல்லை நம்பி டெஸ்டிங் டீம் கருத்துத் திரையையும் தேடலையும் முழுவதுமாகச் சோதித்து முடித்தார்கள். அந்த உழைப்பு வீணானதற்கு அவர்களிடம் குறிப்பாக மன்னிப்புக் கேட்கிறேன்.

சரி, இனி என்ன செய்யலாம்?

அறுந்த வரிசைகளை மட்டும் கண்டுபிடித்து ஒட்டினால் போதாதா என்று நானும் முதலில் யோசித்தேன். போதாது. வாசகம் அறுந்த பிறகுதான் இரட்டைப் பதிவுகளை நீக்கும் படி ஓடியது. ஒரே வாடிக்கையாளர் எழுதிய இரண்டு வேறு கருத்துகள் வெட்டுப்பட்டு ஒரே மாதிரி ஆகியிருந்தால், ஒன்று நீக்கப்பட்டிருக்கும். எவை என்று ஸ்டேஜிங்கை வைத்து நம்பிச் சொல்ல முடியாது. அதனால் கருத்து டேபிளை அழித்துவிட்டு, `utf8mb4`-இல் புதிதாக உருவாக்கி, ஸ்ட்ரிக்ட் மோடோடு மொத்தமாகத் திரும்ப ஏற்ற வேண்டும். `0000-00-00` தேதிகளை ஏற்றும்போதே `NULL` ஆக்கிவிடுவேன். இரட்டைப் பதிவு நீக்கத்துக்கு முன்னால் இந்தச் சோதனை ஓடும்:

```sql
SELECT COUNT(*)
FROM old_db.feedback o
LEFT JOIN new_db.feedback n ON n.old_id = o.id
WHERE n.old_id IS NULL
   OR CHAR_LENGTH(o.body) <> CHAR_LENGTH(n.body);
```

விடை 0 வராவிட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். வார்னிங் ஒன்று வந்தாலும் நிற்கும்.

திருத்திய ஸ்கிரிப்ட் இன்று மதியம் ரிவ்யூவுக்கு வரும். பேக்எண்டில் ஒருவர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். திங்கள் காலை ஸ்டேஜிங்கில் ஏற்றுகிறேன். மதியத்துக்குள் சோதனை முடிவை இங்கேயே போடுகிறேன், நல்லதோ கெட்டதோ. செவ்வாயும் புதனும் டெஸ்டிங்குக்கு. வியாழன் காலை வெளியீடு. வார இறுதியில் யாரும் உட்கார வேண்டாம். என் தவறுக்காக உங்கள் ஓய்வு போகக் கூடாது. அவசரமாகச் செய்ததால்தான் இந்த நிலைக்கே வந்தோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பழைய கருத்துகள் இல்லாமல் திங்களன்றே வெளியிட்டு, அவற்றைப் பிறகு சேர்க்கலாம். தேதி காப்பாற்றப்படும். ஆனால் சப்போர்ட் டீமுக்கு வாடிக்கையாளரின் முன்கதை எதுவும் தெரியாத நாட்கள் சில இருக்கும், அதனால் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. முடிவு மேனேஜருடையது. எதுவானாலும் கிளையண்டுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை நானே எழுதித் தருகிறேன். கேள்வி வந்தால் அழைப்பில் நானே பதில் சொல்கிறேன்.

*

மதியம் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இங்கேயே போடுகிறேன், எல்லாருக்கும் தெரியட்டும்.

டெஸ்டிங்கிலிருந்து கேட்டது: எல்லாவற்றையும் திரும்பச் சோதிக்க வேண்டுமா? வேண்டாம். உள்நுழைவு, பணம் செலுத்துதல், அறிவிப்பு ஆகியவை இந்த டேபிளைத் தொடுவதில்லை. கருத்துத் திரை, தேடல், மாதச் சுருக்க அறிக்கை, இந்த மூன்று மட்டும். எமோஜி கலந்த மாதிரித் தரவை நான் தயாரித்துத் தருகிறேன். வாசகத்தின் தொடக்கத்தில், நடுவில், முடிவில், அப்புறம் எமோஜி மட்டுமே உள்ளது என எல்லா வகையும் அதில் இருக்கும்.

பேக்எண்டிலிருந்து கேட்டது: கொலேஷன் எது? நல்ல வேளை கேட்டீர்கள். `utf8mb4_unicode_ci` போட்டால் 4 பைட் எழுத்துகள் எல்லாவற்றையும் MySQL ஒன்றாகவே எண்ணும். 👍 போட்டதும் 👎 போட்டதும் இரட்டைப் பதிவாகத் தெரிந்து ஒன்று நீக்கப்படும். நான் வரைவில் அதைத்தான் எழுதியிருந்தேன். `utf8mb4_0900_ai_ci` என்று மாற்றிவிட்டேன். இரட்டைப் பதிவு ஒப்பீட்டை மட்டும் `utf8mb4_bin`-இல் செய்கிறேன். ஸ்கிரிப்டும் பழைய டேட்டாபேஸும் பேசும் இணைப்பிலும் `utf8mb4` வைத்தாயிற்று, அங்கே பழையது இருந்தால் எமோஜி கேள்விக்குறியாக வந்து சேரும்.

மேனேஜர் வியாழக்கிழமைக்குச் சம்மதித்துவிட்டார். கிளையண்டுக்கான செய்தியின் வரைவு அவருக்குப் போயிருக்கிறது. ரிவ்யூ இணைப்பை இன்னும் அரை மணி நேரத்தில் இங்கே போடுகிறேன்.