நாளைக் காலைக்கு இன்றிரவே: தங்கைக்கு ஒரு பட்டியல்

கண்ணு,

இன்று 2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. நாளை உனக்குக் குரூப் 4 தேர்வு. நான் இரவுப் பணியில் இருப்பதால் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் மதியமே இதை எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு இதைக் கையில் எடு. ஒவ்வொன்றையும் செய்து முடித்த பிறகுதான் டிக் போட வேண்டும். "இதோ செய்துவிடுவேன்" என்று எண்ணி முன்கூட்டியே போட்டுவிடாதே.

படிப்பைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. எட்டு மாதம் படித்தாயே, அது போதும். ஏற்காட்டு மலையில் நம் நாகலூரிலிருந்து சேலம் சூரமங்கலம் வரை போய்ச் சேர்வதுதான் நாளைக் காலையில் உனக்கு முதல் தாள். அதற்கு இன்றிரவே விடை எழுதி வைத்துவிடுவோம்.

ஹால் டிக்கெட்

□ இரண்டு பிரதி. ஒன்று நீல நிறப் பிளாஸ்டிக் உறையில், இன்னொன்று அப்பாவின் சட்டைப் பையில். அதிகாலை ஐந்து மணிக்கு மலையில் எந்தக் கடையிலும் அச்சுப் போட முடியாது. ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் இப்போதே tnpsc.gov.in தளத்தில் மறுபடி பதிவிறக்கி, பக்கத்து வீட்டு மாமாவிடம் பிரிண்டரில் எடுத்துத் தரச் சொல். ஒன்பது மணிக்குமேல் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

□ வாய்விட்டுப் படி: உன் பெயர், பதிவெண், தேர்வு மையத்தின் பெயர், தெரு. பெயரில் ஓர் எழுத்துக்கூட ஆதார் அட்டையிலிருந்து மாறியிருக்கிறதா என்று பார்.

□ புகைப்படம் முகம் தெரியும்படி அச்சாகியிருக்கிறதா? மங்கலாக இருந்தால் பயப்படாதே. வெள்ளைத் தாளில் உன் படத்தை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையொப்பமிட்டு, ஹால் டிக்கெட் நகலையும் அடையாள அட்டை நகலையும் சேர்த்துத் தலைமைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தால் சான்றொப்பமிடுவார். தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் பாஸ்போர்ட் அளவு படம் இரண்டு அந்த உறைக்குள் இருக்கட்டும்.

□ ஆதார் அட்டை, அசல். கூடவே ஒரு நகல். செல்போனில் இருக்கும் படத்தை நம்பி வராதே. செல்போனே உள்ளே வராது.

பேனா

□ கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா மூன்று. நீலம் வேண்டாம், ஜெல் வேண்டாம், பென்சில் வேண்டவே வேண்டாம்.

மூன்றும் புதிதாக இருக்கக் கூடாது. புதுப் பேனா முதல் சில வரிகளுக்குத் திக்கித் திக்கித்தான் எழுதும். பயிற்சி வகுப்பில் கொடுத்த பழைய விடைத்தாள் ஒன்று உன் அலமாரியில் இருக்குமே, அதை எடுத்து ஒவ்வொரு பேனாவாலும் பத்து வட்டத்தை நிழலிட்டுப் பார். வட்டத்தின் விளிம்புக்கு வெளியே மை போகாமல், நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்காமல், ஒரே கறுப்பாக நிறைய வேண்டும். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவு. முனை கீறியிருந்தால் மேடு தட்டும். அந்தப் பேனாவை ஒதுக்கிவிடு. விரலால் தேய்த்ததும் மை இழுபட்டால் அதையும் ஒதுக்கு. எந்தப் பேனா குறைந்த நேரத்தில் ஒரு வட்டத்தை நிரப்புகிறதோ அதற்கு ஒரு சிறிய நூலைக் கட்டி வை. நாளை முதலில் கையில் எடுக்க வேண்டியது அதுதான். 200 வட்டத்தில் ஒன்றுக்கு இரண்டு நொடி மிச்சமானாலும் கிட்டத்தட்ட ஏழு நிமிடம் உனக்குக் கிடைக்கும்.

□ பழைய பருத்திக் கைக்குட்டை ஒன்று. கடைசியில் இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்வார்கள். அந்த மை விடைத்தாளில் வேறெங்கும் படக் கூடாது. வியர்க்கும் கைக்கும் அதுவே உதவும். மலையில் வளர்ந்த உடம்புக்குச் சேலத்து வெயில் ஒன்பது மணிக்கே உறைக்கும்.

□ முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம். அம்மாவுடையதை எடுத்துக்கொள், நான் சொல்லிவிட்டேன்.

வழி

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

2022 ஜூலையில் நான் எழுதப் போனது உனக்கு நினைவிருக்கும். நடந்தது முழுவதையும் அப்போது வீட்டில் சொல்லவில்லை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சரக்கு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட, பஸ் அதன் பின்னால் இருபத்தைந்து நிமிடம் நின்றது. கீழே இறங்கி ஓர் ஆட்டோ பிடித்தேன். பள்ளியின் பெயரை மட்டும் சொன்னேன், தெருவைச் சொல்லவில்லை. அதே பெயரில் இரண்டு பள்ளிகள் இருந்தது எனக்குத் தெரியாது. ஆட்டோக்காரர் நல்ல மனிதர், பாவம், அவருக்குத் தெரிந்த பள்ளியின் வாசலில் இறக்கிவிட்டார். அங்கே ஒரு தேர்வரும் இல்லை. நான் சரியான வாசலுக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மணி 8.57. ஒன்பது மணிக்குக் கதவை மூடினார்கள். உள்ளே உட்கார்ந்த பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. முதல் பக்கத்துக் கேள்விகளை மூன்று முறை படித்தும் மனத்தில் ஏறவில்லை. உனக்கு அந்த நடுக்கம் வரக் கூடாது.

நாளை உன் நேரம் இது:

5.10 – வீட்டிலிருந்து அப்பாவின் வண்டியில் கிளம்புதல். பெட்ரோல் இன்று மாலையே போட்டுவிடுவார், நான் சொல்லியிருக்கிறேன். பனி இருக்கும், மெதுவாகத்தான் ஓட்டுவார், அவசரப்படுத்தாதே.

5.35 – ஒண்டிக்கடை.

5.50 – சேலம் பஸ். அது தவறினால் அடுத்த பஸ்ஸிலும் நீ நேரத்துக்குப் போய்விடலாம். அதற்காகத்தான் இவ்வளவு முன்னதாகக் கிளம்புவது.

7.15 – புதிய பஸ் நிலையம். நடுவில் அஸ்தம்பட்டியில் கூட்டம் இறங்கும். நீ இறங்காதே.

7.45 – ஜங்ஷன் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் சூரமங்கலம். ஆட்டோ பிடித்தால் பள்ளியின் முழுப் பெயரையும் தெருவையும் சேர்த்துச் சொல்.

8.30-க்குள் உள்ளே இருக்க வேண்டும். 9.00 மணிக்குமேல் யார் அழுதாலும் விட மாட்டார்கள். தேர்வு தொடங்குவது 9.30-க்கு.

□ இருபது வளைவுக்கும் உன் வயிறு எப்படி என்று நமக்குத் தெரியும். முன்பக்கத்து இருக்கை, ஜன்னலோரம். வளைவு முடிந்து அடிவாரம் வரும்வரை குறிப்பேட்டைத் திறக்காதே, எதிரே சாலையைப் பார். உப்பில் ஊறிய நாரத்தங்காய் இரண்டு துண்டு தாளில் மடித்து வாய்க்குள் போட வசதியாக மேல் பையில் வை. வீட்டில் அரை டம்ளர் காப்பி போதும். இட்லியைப் புதிய பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகு சாப்பிடு.

□ மழை பெய்தால்: 4.30 மணிக்கு அப்பா, கீழே காய்கறி ஏற்றிப் போகும் நம் பெரியப்பா மகனுக்குப் போன் செய்து சாலை திறந்திருக்கிறதா என்று கேட்பார். 2024 டிசம்பரில் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை நின்றதை மறந்துவிடக் கூடாது. நாளை அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. நடந்தால் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். பாதை அடைத்திருந்தால் அண்ணனின் ஜீப்பில் குப்பனூர் வழியாக இறங்கிவிடுங்கள். அது அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஊரைக் குறுக்கே கடந்துதான் சூரமங்கலம் வர வேண்டும். ஆகவே அந்த வழி என்றால் 4.50-க்கே கிளம்ப வேண்டும். ஜீப் தயாராக இருக்கும், பேசிவிட்டேன்.

எழுந்திருக்கும் நேரம்

4.10.

□ மூன்று எழுப்பல். உன் செல்போன் 4.10, அம்மாவின் செல்போன் 4.15, பாட்டி எப்படியும் நாலு மணிக்கு விழித்துவிடுவார். மூவரில் ஒருவராவது எழுப்பிவிடுவார்கள். உன் செல்போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதே. அலமாரியின் மேல் தட்டில் வை. எழுந்து நடந்து போனால்தான் அணைக்க முடிய வேண்டும்.

□ இரண்டு செல்போனையும் இப்போதே சார்ஜில் போடு. காற்றடித்தால் இரவில் மின்சாரம் போகும் ஊர் இது. அலாரத்தில் காலையா மாலையா என்று ஒருமுறை பார்.

□ உடையை நாற்காலியில் மடித்து வை: பருத்திச் சுடிதார், மேலே பழைய ஸ்வெட்டர். ஸ்வெட்டரை அடிவாரத்திலேயே கழற்றிவிடலாம். மோதிரம், வளையல் எல்லாம் வீட்டில் இருக்கட்டும்.

□ தண்ணீர் பாட்டில், மேலே ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு.

□ எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, பையை வாசற்கதவின் கொக்கியில் மாட்டு. கதவைத் திறக்க வேண்டுமானால் பையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்பதே கால் ஆனதும் புத்தகத்தை மூடிவிடு. தூக்கம் வரவில்லை என்றாலும் கண்ணை மூடிப் படுத்திரு, அதுவும் ஓய்வுதான். நடப்பு நிகழ்வுகளை இன்னும் ஒருமுறை புரட்டலாம் என்று மனம் சொல்லும். புரட்டாதே. தேர்வு 12.30-க்கு முடிந்தாலும், எந்த விடை எழுத்தில் எத்தனை வட்டம் நிழலிட்டாய் என்ற எண்ணிக்கையை எழுதி ரேகை வைத்து வெளியே வர 12.45 ஆகும். எட்டு மணி நேரத்துக்கும் மேல் விழித்திருக்கப் போகும் கண்ணுக்கு இன்றிரவு உறக்கம் தேவை.

எனக்கு 7.30-க்குப் பணி முடியும். 8.15-க்குப் பள்ளி வாசலில் நிற்பேன். பையையும் செல்போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு ஹால் டிக்கெட், ஆதார், பேனா, கைக்குட்டை, தண்ணீர் ஆகியவற்றோடு உள்ளே போ. என்னைக் காணவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடு. வெளியே வந்ததும் மூன்று பேரும் தட்டுவடை செட் சாப்பிடுவோம். அதுவரை எண்ணெய்ப் பலகாரம் எதுவும் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் டிக் போட்ட பிறகு அம்மாவின் போனிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. வார்டில் பேச முடியாது, ஒரு மணி அடித்தால் போதும்.

அக்கா