கவுண்டருக்கு இந்தப் பக்கம்

முதலில் வந்தவன் கணக்கில் புலி. தங்கராசு ஒவ்வொரு விலையாகச் சொல்லிக்கொண்டே போக, கடைசி எண் வாயிலிருந்து விழுவதற்குள் கூட்டுத்தொகையைச் சொல்லிவிட்டான். இரண்டாவதாக வந்தவருக்குப் பெரிய ஹார்டுவேர் கடையில் ஏழு வருட அனுபவம். பைப் ஃபிட்டிங்கைக் கையில் வாங்கியதுமே அளவு சொல்லும் ஆள். இரண்டு பேரிடமும் தங்கராசு "சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்பவில்லை.

"ஒருத்தன் அவசரக்குடுக்கை. இன்னொருத்தர் எல்லாம் தெரிஞ்ச மாதிரிப் பேசுறாரு" என்று வீட்டில் காரணம் சொன்னார்.

"எல்லாம் தெரிஞ்ச ஆள்தானே கடைக்கு வேணும்?" என்றாள் மனைவி. "உங்களுக்கு ஆள் வேணுமா, வேண்டாமா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க."

வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முழங்கால் ஏணியில் ஏற விடுவதில்லை. பில் கட்டுகள் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் சேர்ந்துகொண்டே போகின்றன. சரக்கு எடுக்கப் போகும் நாளில் கடையைப் பூட்ட வேண்டியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஒற்றை ஆளாக ஓட்டிய கடை, இனி அப்படி ஓடாது. அதனால்தான் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதி வைத்திருந்தார். கணக்கு வருமா, எத்தனை மணிக்கு வர முடியும், எடை தூக்க முடியுமா. கடைசியாக 'நாணயம்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அதை எப்படிக் கேட்பது என்று மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நீங்கள் திருடுவீர்களா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

மூன்றாவதாக வந்தவள் நிர்மலா. முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தையல் கம்பெனியின் ஸ்டோர் ரூமில் நான்கு வருடம் இருந்திருக்கிறாள். ஊசி, பாபின், பெல்ட், மெஷின் ஸ்க்ரூ எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போகும். கம்பெனியை மூடிவிட்டார்கள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கூரை வரை போகும் அடுக்குகள், மூடி இல்லாத டப்பாக்கள், மேலே எதுவும் எழுதாத நூற்றுக்கணக்கான சின்ன டிராயர்கள்.

"சார், ஒரு சாமான் எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

தங்கராசு நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டினார். பெருமையாகத்தான்.

"நீங்க லீவு போட்டா?"

"லீவா? போட்டதில்லைம்மா."

அவள் தலையாட்டினாள். அது பாராட்டு மாதிரித் தெரியவில்லை. கேள்வி கேட்க வேண்டியது நான் அல்லவா என்று நினைத்து அவர் பில்லைத் திருப்பினார். அதற்குள் வாசலில் ஆள்.

வந்தவர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு போல்ட்டையும் நட்டையும் கவுண்டரில் வைத்தார். "இது நிக்கவே மாட்டேங்குது. இறுக்கி விட்டா ரெண்டு நாள்ல கழண்டுடுது. இன்னும் கொஞ்சம் டைட்டா ஒரு நட்டு குடுங்க."

தங்கராசுவின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். இதைவிட நல்ல பரீட்சை எங்கே கிடைக்கும்?

"நீங்க பாருங்கம்மா" என்றார்.

நிர்மலா நட்டை போல்ட்டில் ஏற்றினாள். தொளதொளவென்று ஆடிக்கொண்டே ஏறியது. இறக்கினாள், மறுபடி ஏற்றினாள். வந்தவரை நிமிர்ந்து பார்த்து, "இது எதுல மாட்டுறது?" என்று கேட்டாள்.

"அம்மாவோட வாக்கர். பிடிச்சு நடப்பாங்களே, அது. கால் பக்கத்து போல்ட்."

"ரெண்டும் வாக்கரோட வந்ததா?"

"போல்ட் அதோட வந்தது. நட்டு எங்கயோ விழுந்துடுச்சு. இது வேற கடையில வாங்கினது."

அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தங்கராசுவின் பக்கம் திரும்பி, வாடிக்கையாளர் காதில் விழும்படியே சொன்னாள்: "சார், எனக்கு இது சரியாத் தெரியலை. ஆனா இது ரெண்டும் ஜோடி இல்லைன்னு தோணுது. டைட்டா இன்னொண்ணு குடுத்தாலும் கழண்டுடும். நீங்க சொல்லுங்க."

தங்கராசு எழுந்தார். முழங்கால் வலியை அந்த நேரம் அவர் கவனித்தாரா என்பது சந்தேகம்.

"போல்ட் 6 எம்.எம். நட்டு கால் இன்ச். கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும். கால் இன்ச்னா 6.35 எம்.எம். கொஞ்சம்தான் பெருசு, அதனால உள்ள போயிடும். ஆனா மரையோட இடைவெளியே வேற. 6 எம்.எம்.ல ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் சரியா 1 எம்.எம். இந்த நட்டுல ஒரு இன்ச்சுக்கு 20 மரை, அதாவது 1.27 எம்.எம். பல்லோட பல்லு உட்காராது. நுனியில மட்டும் தொத்திக்கிட்டு நிக்கும். ஆள் பாரம் விழுந்து ஆட ஆட, வழுக்கிடும்."

டிராயரைப் பார்க்காமலே இழுத்து வேறொரு நட்டை எடுத்தார். அதன் வாயில் வெள்ளையாக ஒரு வளையம்.

"இது நைலாக். உள்ள இருக்கிற நைலான் போல்ட்டைக் கவ்விப் பிடிச்சுக்கும். ஆடுற சாமானுக்கு இதான் போடணும். விரலால முழுசா ஏத்த முடியாது, நைலானைத் தொட்டதுக்கு அப்புறம் ஸ்பானர் வேணும். ஏறலையேன்னு கழட்டிப் போட்டுடாதீங்க, அப்படி இறுக்கமா ஏறினாத்தான் சரி. அம்மா பிடிச்சு நடக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை முழு பாரத்தையும் போட்டு அமுக்கிப் பாருங்க."

வந்தவர் நாலு நட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தங்கராசு மட்டும் நிறுத்தவில்லை. ஸ்பிரிங் வாஷர் எங்கே உதவும், எங்கே உதவாது. கிரைண்டரில் ஏன் சில நட்டுகளுக்கு எதிர்ப்பக்கம் மரை வெட்டுகிறார்கள். துரு ஏறிய போல்ட்டை உடைக்காமல் கழற்ற ஏன் முதலில் கொஞ்சம் இறுக்கிப் பார்க்க வேண்டும். நிர்மலா கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில், "எதிர் மரைன்னு பார்த்தவுடனே எப்படித் தெரியும்?" என்றாள். ஒரு போல்ட்டை நிமிர்த்திப் பிடித்து, வரி எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று காட்டினார். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அந்தக் கணக்குப் புலி வந்த அன்றும் ஒருவர் வந்து கொக்கி கேட்டார். சுவருக்கா மரத்துக்கா என்று பையன் முந்திக்கொண்டு கேட்டு, ஃபிஷர் பிளக்கோடு சேர்த்துச் சரியான ஸ்க்ரூவையும் கேட்டு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். ஒரு தப்பும் இல்லை. ஏழு வருட அனுபவக்காரரும் அப்படித்தான். அவசரம், அலட்டல் என்றெல்லாம் மனைவியிடம் சொன்னது, தனக்கே சொல்லிக்கொண்டது. அவர்கள் செய்த குற்றம் ஒன்றுதான்: அவருடைய அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொண்டார்கள். உடைந்த எதையோ தூக்கிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து, "இதுக்கு என்ன பண்றது?" என்று இவர் முகத்தைப் பார்க்கிற நிமிடம். லாபம், நல்ல பெயர், பிள்ளைகள் படிப்பு என்று கடையைத் திறப்பதற்கு எத்தனையோ காரணம் வைத்திருந்தார். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்க வைப்பது அதில்லை. டிராயர்களில் பெயர் ஒட்டாமல் விட்டதும் நேரமில்லாததால் இல்லை.

கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஒரு நட்டுக்காக.

"சரிம்மா, வேலை உங்களுக்குத்தான்" என்றார். சொன்ன வேகத்திலேயே தனக்குச் சாதகமாக ஒரு வழியும் தோன்றியது. "ஸ்டாக், பில், சரக்கு எடுக்கிறது எல்லாம் நீங்க பாருங்க. உங்களுக்குப் பழக்கமான வேலை. கவுண்டரை நான் பார்த்துக்கறேன்."

நிர்மலா உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த போல்ட்டை வைத்தாள்.

"சார், அது நாலு வருஷமா செஞ்ச வேலை. ஸ்டோர்ல கம்பிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்து சீட்டு வரும், சாமானைக் குடுப்பேன். எதுக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஸ்டாக் எழுதறேன், மாட்டேன்னு சொல்லலை. ஆனா அதுக்கு மட்டும்னா வேற இடம் இருக்கு. கவுண்டர்ல நிக்கத்தான் இங்க வந்தேன்."

"உங்களுக்கு இன்னும் அளவெல்லாம்..."

"தெரியாது. அதனாலதான் கேட்டேன். நீங்க சொன்னீங்க. நாளைக்கு 6 எம்.எம்.முக்கும் கால் இன்ச்சுக்கும் உங்களைக் கூப்பிட மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் அதை நல்ல செய்தியாகச் சொன்னாள். நியாயமாகப் பார்த்தால் நல்ல செய்திதான்.

பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இதற்கு உதவுகிற மாதிரி எதுவும் இல்லை. பிடித்ததைத் தான் வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிடப் பார்த்ததை இவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். வாடிக்கையாளர் எதிரிலேயே தெரியவில்லை என்று சொன்னவள், இவர் எதிரிலும் மழுப்பவில்லை. நாளை கல்லாவில் ஏதாவது குறைந்தாலும் இதே குரலில் சொல்வாள் என்று தோன்றியது.

"காலையில நீங்க கவுண்டர்" என்றார் கடைசியில். "கூட்டம் அப்பதான் ஜாஸ்தி, சீக்கிரம் கத்துக்குவீங்க. மத்தியானத்துக்கு மேல நான். பில் எழுதறதைப் பாதிப் பாதி பிரிச்சுக்கலாம். எனக்கு அது வராது, ஆனா உட்காருறேன்."

"டிராயர்ல பேர் ஒட்டணும் சார்."

"ஒட்டலாம்."

"எனக்கு வாரத்துல ஒரு நாள் லீவு வேணும்."

"எடுத்துக்குங்க."

"உங்களுக்கும் ஒரு நாள்."

"எனக்கு எதுக்கு?"

"முழங்காலைப் பார்த்தேன். அன்னைக்குக் கடை மூட வேண்டாம், நான் இருப்பேன்."

தனி ஆளாகக் கவுண்டரில் இவள். வருகிறவர்கள் எல்லாம் இவள் முகத்தைப் பார்ப்பார்கள். தங்கராசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆறு மாசம் போகட்டும்மா."

"ஒரு மாசம் போதும் சார்."

"எதிர் மரையே இன்னைக்குத்தான் பார்த்திருக்கீங்க. நாலு மாசமாவது ஆகணும்."

"ரெண்டு."

தன்னிடம் விலை குறைக்கச் சொல்லி நிற்பவர்களின் அதே இழுவை தன் குரலிலும் வந்துவிட்டதை அவரே கேட்டார். ஆனாலும் விடவில்லை.

"மூணுன்னு வெச்சுக்குவோமே."