நிகழ்ச்சி ரத்து: காப்பீட்டு உரிமைகோரல் முன்னறிவிப்பு

பெங்களூரு
17 ஜனவரி 2026, சனிக்கிழமை

பெறுநர்: மேலாளர், உரிமைகோரல் பிரிவு, சென்னைக் கிளை
பொருள்: பாலிசி எண் 41702263, பொங்கல் நாட்டுப்புறக் கலைவிழா ரத்து

மதிப்பிற்குரிய ஐயா,

இன்று மாலை அல்சூர் பக்கத்து மைதானத்தில் நடக்க வேண்டிய எங்கள் கலைவிழா, நேற்று மாலை வந்த அரசு உத்தரவால் நின்றுபோனது. இழப்பு தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது பாலிசி நிபந்தனை. அதன்படி இதையே உரிமைகோரல் அறிவிப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நேற்றிரவே உங்கள் முகவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டோம்.

நேற்று மாலை 6.40 மணி இருக்கும். பறைக் குழுவினர் மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகைக்கு இன்னும் பத்து நிமிடம். அப்போதுதான் காவலர்கள் வந்து வாசல் கதவில் உத்தரவை ஒட்டினார்கள். பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா 163-ஆம் பிரிவின் கீழ், அதாவது ஊரே இன்னும் 144 என்று சொல்கிற அதே தடையின் கீழ், சனிக்கிழமை காலை 6 மணி முதல் ஞாயிறு நள்ளிரவு வரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்பது உத்தரவு. எங்கள் பிரதியில் நேரம் குறித்துக் கையொப்பமும் வாங்கியிருக்கிறோம்.

இந்த ரத்துக்கு எங்கள் தரப்புக் குறை எதுவும் காரணமில்லை. உத்தரவு அந்த வட்டாரம் முழுமைக்குமான பொதுத் தடை. எங்கள் விழாவின் பெயரே அதில் இல்லை. காவல்துறை, தீயணைப்பு, மாநகராட்சி அனுமதிகள் மூன்றும் கையில் இருந்தன. 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்த பிறகு, இந்த ஊரில் கூட்டம் சேர்க்கும் யாரும் அதை மறந்துவிட்டு வேலை செய்ய முடியாது. நாங்களும் நான்கு வாசல்கள், தனி ஆம்புலன்ஸ் பாதை, இருக்கைக்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்பதில்லை என்று திட்டம் போட்டு, அதைக் காட்டித்தான் அனுமதி பெற்றோம். டிக்கெட் போகாததால் நிறுத்தினோம் என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. 1,860 டிக்கெட் விற்றிருந்தது. அரசு உத்தரவால் ஏற்படும் ரத்துக்குக் கூடுதல் பிரீமியம் கட்டி எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருக்கிறோம். அதன் கீழேயே கோருகிறோம்.

இழப்பைக் குறைக்க முடிந்ததைச் செய்தோம். இரவோடு இரவாக வேறு அரங்கம் தேடினோம். கிடைத்த ஒன்றில் 900 பேர்தான் உட்கார முடியும், அதற்கும் புது அனுமதி வேண்டும். தேதியைத் தள்ளவும் வழியில்லை. பொங்கல் முடிந்த கையோடு கலைஞர்களுக்கு ஊர்க் கோயில் கொடைகள் வரிசையாக இருக்கின்றன. எல்இடி திரைக்காரர் பொருளை இறக்காமலே திரும்பியதால் 2,10,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். நறுக்கி வைத்த காய்கறியை முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

தற்காலிகக் கணக்கு இது. மேடை, பந்தல், ஒலி, ஒளி 11,20,000, கலைஞர் சம்பளம் 6,85,000, பயணமும் தங்குமிடமும் 3,90,000, சமையல் 2,75,000, விளம்பரம் 1,60,000, ஜெனரேட்டர், நடமாடும் கழிப்பறை 1,45,000. மொத்தம் 27,75,000 ரூபாய். இதில் திரைக்காரர் குறைத்த 2,10,000, விளம்பரதாரர் திருப்பிக் கேட்காத 3,00,000, பாலிசிப்படி நாங்களே ஏற்க வேண்டிய 50,000 போக, கோருவது 22,15,000 ரூபாய். டிக்கெட் பணம் முழுவதையும் ரசிகர்களுக்குத் திருப்பித் தருகிறோம். லாப இழப்பு என்று ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

சர்வேயரை நாளை காலைக்குள் அனுப்புங்கள், இது அவசரம். ஞாயிறு இரவு 10 மணிக்குள் மைதானத்தைக் காலி செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 85,000 ரூபாய் கூடுதல் வாடகை. அவர் பார்க்கும் வரை மேடையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறோம். நாளை பிற்பகல் 2 மணிக்குள் யாரும் வராவிட்டால், வீடியோ எடுத்து வைத்துவிட்டுப் பிரிக்கத் தொடங்குவோம். அதில் ஆட்சேபம் இருந்தால் இன்றே தெரிவியுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். தஞ்சாவூர், திருவண்ணாமலை, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்த 64 கலைஞர்களுக்கு முன்பணமாக 2,74,000 ரூபாய் மட்டுமே கொடுத்திருக்கிறோம். ஊர் வந்து சேர்ந்த பின் ரத்தானால் முழுச் சம்பளமும் உண்டு என்பது ஒப்பந்தம். மீதி 4,11,000 ரூபாயை அவர்களுக்கு நாங்கள் தந்தே ஆக வேண்டும். கரகம் எடுக்கிறவர்களும் கூத்துக் கட்டுகிறவர்களும் இந்தத் தை மாத வருமானத்தை நம்பித்தான் வருடத்தை ஓட்டுகிறார்கள். உரிமைகோரல் முழுமையாக முடியும் வரை அவர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை. ஆகவே பொறுப்பை ஏற்றதும் இந்தத் தொகையை மட்டுமாவது இடைக்காலமாக விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

உத்தரவின் பிரதி, கன்னட மூலத்தின் தமிழாக்கம், மூன்று அனுமதிகள், கலைஞர் ஒப்பந்தங்கள், இதுவரை வந்த பில்கள், வாசலில் ஒட்டிய உத்தரவின் படம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். மீதி பில்களும் டிக்கெட் பணம் திருப்பியதற்கான வங்கிக் கணக்கும் பத்து நாளில் வந்து சேரும். மைதானத்தில் எங்கள் பொருளாளர் இரவும் பகலும் இருக்கிறார். சர்வேயர் எந்த நேரத்தில் வந்தாலும் பதிவேடுகளைக் காட்டுவார்.

இப்படிக்கு,
செயலாளர், விழாக் குழு